“அதை விடுங்கோ” என்று யாரிடம் சொன்னார்? ஒரு கூட்டம், மூன்று சுருக்கங்கள்

யாழ்ப்பாணக் கரையோர ஊர் ஒன்றில் கடற்றொழிலாளர் சங்கக் கூட்டம் நடந்தது. ஒலிப்பதிவை எழுத்தாக்கியபோது 16 பக்கம் வந்தது. வராத உறுப்பினர்களுக்கு அனுப்ப ஒரு பக்கச் சுருக்கம் வேண்டும் என்று செயலாளர் கேட்டார். மூன்று விதமாக எடுத்துப் பார்த்தோம்.

போன மாத எரிபொருள் கணக்கில் 18,500 ரூபாய் இடிக்கிறது என்று கால் மணி நேரம் வாதாடினார்கள். அப்புறம் தலைவர் சொன்னது இது: “சரி, அதை விடுங்கோ. இனி இறங்குதுறை லைற்றைப் பற்றி மட்டும் சுருக்கமாக் கதையுங்கோ. படகுப் பதிவுப் புத்தகத்தை வெள்ளிக்கிழமைக்கிடையில செயலாளரிட்டக் குடுங்கோ.”

முதலாவது, செயற்கை நுண்ணறிவு மென்பொருள் தந்த சுருக்கம். மூன்றே வரி, அதுவும் லைற்றைப் பற்றி மட்டும். கணக்கு விவகாரம் காணாமல் போயிருந்தது. கதிரையில் இருந்தவர்களுக்குச் சொன்னதை அது தனக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டது. நாம் கொடுக்கும் வேலையும் அதற்குத் தரும் பிரதியும் மென்பொருளுக்கு ஒரே எழுத்தோட்டமாகத்தான் போய்ச் சேருகின்றன. “விடுங்கோ” என்ற சொல்லுக்குள்ளும் யார் விடவேண்டும் என்பது இல்லை. கால் மணி நேரம் பேசிய விசயம் சுருக்கத்தில் ஒரு வரிகூட இல்லையென்றால், பிரதியில் அதற்கு அடுத்து வரும் ‘-ங்கோ’வைப் போய்ப் பாருங்கள்.

இரண்டாவதை ஒரு தம்பி எழுதினார். கட்டளைகள் எல்லாம் கூட்டம் நடத்தும் பேச்சுத்தானே என்று வெட்டிவிட்டார். கணக்கு தப்பியது, ஆனால் வெள்ளிக்கிழமைத் தவணை போய்விட்டது. வராத உறுப்பினருக்கு இருந்த ஒரே வேலை அதுதான். வாசிக்க நன்றாக இருப்பதால் இந்தக் குறை கண்ணில் படாது. என் கணக்கில் முதலாவதைவிட இதுதான் ஆபத்து.

மூன்றாவதில் இப்படி எழுதினோம்: “எரிபொருள் கணக்கில் 18,500 ரூபாய் வித்தியாசம் பற்றி விவாதித்தார்கள், முடிவு காணவில்லை. அதை விட்டு இறங்குதுறை விளக்கைப் பற்றிப் பேசும்படி தலைவர் கேட்டுக்கொண்டார். படகுப் பதிவுப் புத்தகத்தை வெள்ளிக்கிழமைக்குள் செயலாளரிடம் கொடுக்கும்படி உறுப்பினர்களுக்குச் சொன்னார்.” சொன்னவர், கேட்டவர், தவணை மூன்றும் இருக்கின்றன. கணக்கு ஏன் பாதியில் நின்றது என்பதும் தெரிகிறது. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: தலைவர் கேட்டுக்கொண்டதை ‘தீர்மானிக்கப்பட்டது’ என்று எழுதக்கூடாது. அங்கே யாரும் வாக்கெடுக்கவில்லை.

“இதை எழுதாதேங்கோ” என்று நேரே குறிப்பெடுப்பவரிடம் சொன்னால்? 11ஆம் பக்கத்தில் ஓர் உறுப்பினர் தன் வீட்டுக் கடனைச் சொல்லிவிட்டு அப்படித்தான் கேட்டார். நாங்களாக அழிக்கவும் இல்லை, சுருக்கத்தில் போடவும் இல்லை. அவர் கேட்டதைத் தனித்தாளில் எழுதிச் செயலாளரிடம் கொடுத்தோம். சுருக்கம் கேட்டவர் செயலாளர்தான், முடிவும் அவருடையது. கடன் விசயம் முழுவதையும் விட்டுவிடச் சொன்னார்.