ரூபாயை டாலராக மாற்றி டெபாசிட் போடச் சொன்னால் கையெழுத்துப் போடாதீர்கள்: எனக்குப் போனது 86,176 ரூபாய்

போன வாரம்தான் பணம் கணக்கில் வந்து விழுந்தது. 19,13,824 ரூபாய். பிப்ரவரியில் போட்டது 20 லட்சம். ஐந்து மாதம் ஒரு பைசா வட்டி இல்லாமல் கிடந்து, 86,176 ரூபாய் குறைந்து திரும்பி வந்திருக்கிறது. நேற்று ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. அபுதாபி முசஃபாவில் நாலு பேர் தங்கும் அறையில் இருந்துதான் இதை எழுதுகிறேன். கோபத்தில் எழுதுவதால் அங்கங்கே முன்பின் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குமரி மாவட்டம் கருங்கல் பக்கம் எங்களுக்கு 8 சென்ட் இடம் உண்டு. பதினாலு வருடமாக மாதாமாதம் அனுப்பிச் சேர்த்ததில் 20 லட்சம், வெளிநாட்டில் இருப்பவர்கள் ரூபாயில் வைக்கும் என்.ஆர்.இ. கணக்கில் இருந்தது. வீட்டு வேலையை அடுத்த வருடம் தொடங்கலாம் என்பது திட்டம். பிப்ரவரியில் லீவுக்குப் போனபோது, நான் கணக்கு வைத்திருக்கும் தனியார் வங்கிக் கிளையிலிருந்து ஒரு தம்பி வீட்டுக்கே வந்தார். பேர் வேண்டாம், வங்கிப் பேரும் வேண்டாம். நம்ம ஊர்க்காரர். எங்க அப்பாவிடம் டியூஷன் படித்தவராம். அம்மா கொடுத்த கட்டஞ்சாயாவைக் குடித்துவிட்டு, "அண்ணே, இவ்வளவு பணத்தை ரூபாயில வச்சிட்டு இருக்கியளே" என்றார்.

அப்புறம் போனை எடுத்து ஒரு படம் காட்டினார். 2013 ஆகஸ்டில் டாலர் 68 ரூபாயைத் தொட்டது, 2022 அக்டோபரில் 83 தாண்டியது, அப்போது 87. கோடு மேலே மேலே ஏறுகிறது. "எஃப்.சி.என்.ஆர். டெபாசிட் போடுவோம். டாலராகவே இருக்கும். வருசத்துக்கு அஞ்சு சதவீதம் வட்டி, வரி கிடையாது, டாலர் ஏறினா அதுவும் உங்களுக்கு. எப்ப வேணும்னாலும் எடுத்துக்கலாம்."

அதில் ஒரு வார்த்தை கூட பொய் இல்லை. அதுதான் எரிச்சல். எஃப்.சி.என்.ஆர். நல்ல டெபாசிட்தான். ஒரு வருடம் முதல் ஐந்து வருடம் வரை போடலாம், வெளிநாட்டில் இருக்கும்வரை வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை. ஆனால் அது வெளிநாட்டுப் பணமாக வருகிற பணத்துக்கு. என் பணம் ஏற்கெனவே ரூபாயாக மாறி வங்கியில் உட்கார்ந்திருந்தது. அதை மறுபடி டாலராக்கினால் அந்த டாலரை எனக்கு யார் விற்பது? அதே வங்கிதான். என்ன விலைக்கு? அதை நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. படிவத்தில் "இன்றைய விலை" என்று மட்டும் இருந்தது. அப்பாவின் மாணவர் ஆயிற்றே என்று மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

அன்று சந்தையில் டாலர் 86.90. வங்கி எனக்கு விற்றது 88.20. ஜி.எஸ்.டி. 1,170 போக 22,662 டாலர் டெபாசிட் ஆனது. மெசேஜில் டாலர் எண்ணிக்கையைத்தான் பார்த்தேன், விலையைப் பார்க்கவில்லை. எனக்கும் டாலர் டெபாசிட் இருக்கிறது என்று அறையில் பெருமை அடித்தது வேறு.

ஜூன் கடைசியில் மனைவியிடமிருந்து போன். அனுமதி நினைத்ததைவிட சீக்கிரம் வந்து, மச்சான் பொறுப்பெடுத்து வேலையைத் தொடங்கியிருந்தான். கையிருப்பில் சுவர் லிண்டல் வரை வந்துவிட்டது. அடுத்த மழைக்குள் மேலே கான்கிரீட் போட்டாக வேண்டும், கம்பிக்கும் ஆளுக்கும் 8 லட்சம் வேண்டும் என்றாள். சரி, எப்ப வேணும்னாலும் எடுக்கலாமே என்று கிளைக்கு மெயில் அனுப்பினேன். 8 லட்சம் மட்டும் எடுக்க முடியாதாம். ஒரே டெபாசிட்டாகப் போட்டதால் முழுவதையும் உடைக்க வேண்டும். உடைத்தார்கள். ஒரு வருடம் முடியாததால் வட்டி பூஜ்யம். அது வங்கி இஷ்டத்துக்கு வைத்த அபராதம் இல்லை, எஃப்.சி.என்.ஆர். விதியே அப்படித்தான். அந்தத் தம்பி வீட்டில் உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டிய முதல் விஷயம் இதுதான்.

உடைத்த அன்று சந்தையில் டாலர் 85.60. வங்கி என்னிடம் வாங்கியது 84.50. மறுபடி ஜி.எஸ்.டி. 1,155.

டாலர் இறங்கியதால்தான் நஷ்டம் என்று வங்கியில் சொன்னார்கள். நானும் முதலில் நம்பினேன். நேற்று ராத்திரி ஒரு தாளில் பிரித்துப் பார்த்தேன். சந்தை இறங்கியது 1 ரூபாய் 30 காசு. அதனால் போனது சுமார் 29,000. மீதி? விற்கும்போது சந்தையைவிட 1.30 கூடுதல், வாங்கும்போது 1.10 குறைவு. இரண்டும் சேர்ந்து டாலருக்கு 2 ரூபாய் 40 காசு. 22,662 டாலருக்கு 54,000 சொச்சம். வரி 2,325. அதாவது 86,176-இல் 56,000-க்கு மேல், டாலர் ஒரு பைசா அசையாமல் நின்றிருந்தாலும் போயிருக்கும். அந்த 56,000-இல் பாதி கையெழுத்துப் போட்ட அன்றே போய்விட்டது, எனக்குத் தெரிய ஐந்து மாதம் ஆனது.

டாலர் 87-லிருந்து 89-க்கு மேல் ஏறினால்தான் நான் போட்ட இடத்துக்கே வந்து நிற்பேன். அந்தப் படத்தில் இது இல்லை.

கேட்கப் போனால் என்ன நடந்தது தெரியுமா? அந்தத் தம்பி போனை எடுக்கவில்லை. அவர் வேறு கிளைக்கு மாறிப் போய்விட்டாராம். என் மனைவி நேரில் போனாள், இரண்டு மணி நேரம் உட்கார வைத்து, "சார் கையெழுத்துப் போட்டிருக்காங்களே மேடம், மார்க்கெட் ரிஸ்க்" என்று அனுப்பினார்கள். வாடிக்கையாளர் சேவை எண்ணுக்கு நான் பேசினால், விலையை மும்பையில் இருக்கும் பிரிவு தீர்மானிக்கிறது, கிளையைக் கேளுங்கள் என்கிறார்கள். கிளையைக் கேட்டால் மெயில் போடுங்கள் என்கிறார்கள். மெயிலுக்கு வந்த பதில்: "உங்கள் கருத்துக்கு நன்றி." 86,176 ரூபாய்க்கு நன்றி!

இன்னொன்று இன்று காலையில்தான் தெரிந்தது, அதில்தான் வயிறு அதிகம் எரிகிறது. அந்த டெபாசிட்டை உடைத்திருக்கவே வேண்டாம். அதன் பேரில் ரூபாயில் கடன் வாங்கலாம். 8 லட்சம் கடன் எடுத்து ஏழு மாதம் வட்டி கட்டியிருந்தால், ஒன்பது சதவீதம் என்று வைத்தாலும் 42,000. டெபாசிட் முடியும்போது வட்டியாகவே 1,100 டாலருக்கு மேல் வந்திருக்கும், கிட்டத்தட்ட லட்சம் ரூபாய். உடைக்கச் சொல்லி மெயில் போட்டபோது கிளையில் ஒருவராவது இதைச் சொல்லியிருக்கலாம். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

அப்போ டாலர் டெபாசிட்டே மோசமா என்று அறையில் கேட்டார்கள். இல்லை. என் மாமா மகன் குளச்சல்காரன், கப்பலில் இருக்கிறான். சம்பளமே டாலர். அந்த டாலரை ரூபாயாக்காமல் நேராக எஃப்.சி.என்.ஆர்.-க்கு அனுப்புகிறான். மகளை இரண்டு வருடத்தில் வெளிநாட்டில் படிக்க வைக்க அந்த டாலர் டாலராகவே வேண்டும். அவனுக்கு அது சரி. நம்மைப் போல அமீரகத்தில் இருப்பவர்களும் இதைச் செய்யலாம். திர்ஹாம் 1997-லிருந்து ஒரு டாலருக்கு 3.6725 என்று கட்டிப் போட்டிருப்பதால், இங்கேயே திர்ஹாமை டாலராக்கினால் அதிகம் போகாது. இங்குள்ள வங்கியிலிருந்து டாலராகவே அனுப்ப வேண்டும். அனுப்பும் கட்டணமும், நடுவில் வரும் வங்கி பிடிப்பதும் உண்டு என்பதால் மாதாமாதம் துளித்துளியாக இல்லாமல் சேர்த்து ஒரே தடவையாக அனுப்பினால் நல்லது. அப்புறம் முடியும்போது ஒரே ஒரு முறை ரூபாயாக மாறும். நான் செய்தது திர்ஹாம், ரூபாய், டாலர், மறுபடி ரூபாய்.

எனக்கு வேண்டியது சிமெண்டும் கம்பியும் கூலியும். எல்லாம் ரூபாய். அப்படிப்பட்டவன் வந்த அன்றே ரூபாயாக்கிவிட்டு அங்கேயே விட்டிருக்க வேண்டும். வீட்டுக் கடனோ நகைக் கடனோ இருந்தால் இன்னும் யோசிக்கவே வேண்டாம், ஒன்பது பத்து சதவீதக் கடனை வைத்துக்கொண்டு ஐந்து சதவீத டாலர் வட்டிக்கு ஆசைப்படுவது என்ன கணக்கு? கடன் இல்லாதவர்களுக்கும், பிப்ரவரியில் ஒரு வருட என்.ஆர்.இ. எஃப்.டி.-க்கு ஏழு சதவீதம் அளவில் கொடுத்தார்கள். டாலருக்கு ஐந்து. வருடத்துக்கு இரண்டு சதவீதம் ரூபாய் சரிந்தால்தான் இரண்டும் சமம்.

எல்லாவற்றையும் விவரமாக எழுதலாம் என்றுதான் ஆரம்பித்தேன், டியூட்டிக்கு வண்டி வந்துவிட்டது. அவசரமாகச் சில:

ரூபாய்க் கணக்கிலிருந்து டாலர் டெபாசிட் போடச் சொன்னால், விற்கும் விலை என்ன, இன்று வாங்கும் விலை என்ன என்று இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். வித்தியாசத்தைப் பார்த்தாலே புரிந்துவிடும்.

பெரிய தொகை என்றால் விலையைக் குறைத்துக் கேட்கலாம், கேட்டால் சில காசுகள் இறங்குவார்கள். நான் கேட்கவில்லை.

ஒரே டெபாசிட்டாகப் போடாதீர்கள். நாலாகப் பிரித்திருந்தால் நான் இரண்டை மட்டும் உடைத்திருப்பேன்.

ஒரு வருடத்துக்குள் தேவைப்படும் பணம் என்றால் வேண்டவே வேண்டாம்.

வங்கிக்கு எழுத்துப்பூர்வமாகப் புகார் அனுப்பியிருக்கிறேன். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி ஓம்பட்ஸ்மேனிடம் cms.rbi.org.in வழியாகப் போடலாம், 14448 என்ற எண்ணும் இருக்கிறது. இன்று நாலாவது நாள். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை, அந்தத் தம்பி நல்லா இருக்கானா என்று நேற்றும் போனில் கேட்டார்.