வீட்டிலிருந்து தட்டச்சு வேலை: முன்பணம் கேட்காமல் ஆரம்பித்து வக்கீல் நோட்டீஸில் முடியும் மோசடி

ஓய்வு பெற்ற ஆசிரியர்களுக்கு, அதிலும் ஓய்வூதியம் குறைவாக வருபவர்களுக்கு, "வீட்டிலிருந்தே தட்டச்சு வேலை, முன்பணம் கிடையாது" என்று அழைப்பு வந்தால், தயவுசெய்து இதைப் படித்த பிறகு முடிவெடுங்கள். நான் அந்த வேலையைச் செய்தேன். சம்பளம் வரவில்லை. நான்தான் அவர்களுக்கு நஷ்டஈடு தர வேண்டும் என்று வக்கீல் நோட்டீஸ் என்ற பெயரில் ஒரு மிரட்டல் வந்தது. விசாரித்துப் பார்த்தால், என்னோடு வேலை பார்த்த ஒரு டீச்சருக்கும் வரிக்கு வரி அதே நோட்டீஸ் வந்திருக்கிறது. பெயரும் தேதியும்தான் வேறு.

வேலை தேடித் தரும் ஒரு தளத்தில் என் விவரங்களைப் பதிந்திருந்தேன். ஓய்வு பெற்ற கணித ஆசிரியர், தட்டச்சு தெரியும், பகல் முழுவதும் நேரம் இருக்கிறது என்று போட்டிருந்தேன். இப்படிப்பட்டவர்களைத்தான் அவர்கள் தேடுகிறார்கள். தொலைபேசியில் பேசிய பெண் மிகவும் மரியாதையாகப் பேசினார். "சார், சின்னப் பசங்க பாதியில விட்டுட்டுப் போயிடறாங்க. உங்களை மாதிரி பொறுப்பானவங்கதான் எங்களுக்கு வேணும்." பதிவுக் கட்டணம் உண்டா என்று கேட்டேன். "ஒரு பைசா வேண்டாம் சார், நாங்கதான் உங்களுக்குத் தரணும்" என்றார்.

வேலை கொடுக்க முன்பணம் கேட்பவனை நம்பக்கூடாது என்பது இப்போது எல்லோருக்கும் தெரியும். அது அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. அதனால்தான் பணம் கேட்பதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டார்கள்.

வேலை இதுதான். படமாக எடுக்கப்பட்ட 600 பக்கங்கள் வரும். அவர்கள் தரும் மென்பொருளில் அவற்றைப் பார்த்து அப்படியே தட்டச்சு செய்ய வேண்டும். கெடு 7 நாள். 90 சதவீதத் துல்லியம் வேண்டும். முடித்தால் என் மாத ஓய்வூதியத்தைவிட அதிகமான தொகை கிடைக்கும். இதற்கு ஓர் ஒப்பந்தம் உண்டு. அடையாள அட்டையின் நகல், புகைப்படம், வங்கிக் கணக்கு விவரம், கையெழுத்து எல்லாம் வாங்கிக்கொண்டார்கள். ஒப்பந்தத்தின் பின்பகுதியில், கெடுவுக்குள் முடிக்காவிட்டாலோ துல்லியம் குறைந்தாலோ மென்பொருளுக்கும் பராமரிப்புக்கும் ஆன "சேவைக் கட்டணத்தை" நான் செலுத்த வேண்டும் என்று ஒரு பிரிவு இருந்தது.

90 சதவீதம் என்றதும் ஆசிரியரின் மனம் விடைத்தாள் கணக்கில் போய்விடும். நூற்றுக்குத் தொண்ணூறு, கவனமாகச் செய்தால் எடுத்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் எதில் 90 சதவீதம் என்பதுதான் இங்கே கேள்வி. ஒப்பந்தத்தில் துல்லியத்தைப் பக்கக் கணக்கில் வைத்திருந்தார்கள். ஒரு பக்கத்தில் ஒரே ஒரு எழுத்தோ, புள்ளியோ, இடைவெளியோ தவறினால் அந்தப் பக்கம் முழுவதும் தவறு. 600 பக்கத்தில் 540 பக்கங்கள் ஒரு பிழைகூட இல்லாமல் இருக்க வேண்டும்.

இதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு பக்கத்தில் இடைவெளிகளையும் சேர்த்துச் சுமார் 1500 எழுத்துகள் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் எழுத்துக்கு ஒரு பிழை மட்டும் செய்யும் ஒருவர் நல்ல தட்டச்சாளர். எழுத்துக் கணக்கில் அவருடைய துல்லியம் 99.9 சதவீதம். ஆனால் பக்கத்துக்குச் சராசரியாக ஒன்றரைப் பிழை விழுகிறது. பிழைகள் அங்கங்கே சிதறி விழும் என்று கொண்டால், நூறு பக்கத்தில் ஒரு பிழையும் இல்லாத பக்கங்கள் சுமார் 22தான் வரும். 0.999 என்ற எண்ணை 1500 தடவை பெருக்கினால் கிடைக்கும் விடை இது. அதாவது 99.9 சதவீதம் சரியாகச் செய்தவருக்கு அவர்களுடைய அறிக்கையில் 22 சதவீதம். நூற்றுக்குத் தொண்ணூறு பக்கம் சுத்தமாக வர வேண்டுமென்றால், சுமார் 14,000 எழுத்துக்கு ஒரு பிழைக்கு மேல் போகக்கூடாது. கிட்டத்தட்ட ஒன்பது பக்கத்துக்கு ஒரு பிழை. அந்த அளவில் 600 பக்கமும் தொடர்ந்து செய்வது தனி மனிதரால் ஆகிற காரியம் இல்லை. இந்த விதி இருக்கும்வரை, தோற்றுவிட்டீர்கள் என்று சொல்ல அவர்கள் பொய்க்கணக்கு எழுதக்கூடத் தேவையில்லை.

நேரக் கணக்கும் அப்படித்தான். 600 பக்கம் என்றால் 9 லட்சம் எழுத்துகள். நிமிடத்துக்கு 30 சொல், அதாவது சுமார் 150 எழுத்து வேகத்தில் அடித்தால் 100 மணி நேரம் ஆகும். 7 நாளில் முடிக்க வேண்டுமென்றால் தினமும் 14 மணி நேரத்துக்கு மேல். இதில் திரும்பப் படித்துத் திருத்த ஒரு நிமிடமும் சேர்க்கவில்லை. நல்ல உடல்நிலை உள்ளவருக்கும் இரண்டாம் நாளே முதுகும் கண்ணும் விட்டுப்போகும். களைத்த கண்ணுக்குப் பிழை கூடத்தான் செய்யும்.

வந்த பக்கங்களும் சாதாரணமாக இல்லை. வேண்டுமென்றே மங்கலாக்கிய படங்கள். பூஜ்யமா ஆங்கில ஓ எழுத்தா, ஒன்றா எல் எழுத்தா என்று தெரியாத இடங்கள் பக்கத்துக்குப் பக்கம் இருந்தன. மூலத்தில் எழுத்துப்பிழை இருந்தால் அப்படியே அடிப்பதா, திருத்துவதா என்று கேட்டேன். ஒரு நாள் "உள்ளபடி அடிங்க" என்றார்கள், மறுநாள் வேறொருவர் "பிழையைத் திருத்தணும்" என்றார். எழுத்தில் தாருங்கள் என்றதற்குப் பதில் இல்லை. இன்னொன்றும் உறுத்திக்கொண்டே இருந்தது. அச்சான பக்கத்தின் படத்தை எழுத்தாக மாற்ற மென்பொருள்கள் எவ்வளவோ காலமாக இருக்கின்றன. அப்படியிருக்க, இத்தனை பக்கங்களை ஒருவரைக் கையால் அடிக்கச் சொல்லி இவ்வளவு பணம் கொடுக்க யாருக்கு என்ன அவசியம்? அந்தப் பக்கங்களை வாங்கிக்கொள்ள எந்த வாடிக்கையாளரும் கிடையாது. வேலை என்பதே வெறும் தோற்றம்.

கெடுவுக்குள் ஒப்படைத்தேன். மறுநாள் தர அறிக்கை வந்தது. துல்லியம் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. எந்தப் பக்கத்தில் எந்த எழுத்து தவறு என்று பட்டியல் கேட்டேன். 40 வருடம் பாடம் நடத்திய யாரும் முதலில் கேட்பது அதைத்தானே, மதிப்பெண்ணைக் குறைத்தால் எங்கே குறைத்தாய் என்று காட்ட வேண்டும். "அது கம்பெனி ரகசியம் சார்" என்றார் அதே பெண். குரலில் பழைய மரியாதை இல்லை. இந்தப் பட்டியலைத் தர மறுப்பதுதான் மிகத் தெளிவான அடையாளம். உண்மையில் தரம் பார்க்கும் எந்தப் பதிப்பகமும் பிழையைக் குறித்து, திருத்தித் தரச் சொல்லித் திருப்பி அனுப்பும். அவர்களுக்கு வேண்டியது சரியான பிரதி.

அதன்பின் நடந்தது எல்லாம் படிப்படியான மிரட்டல். முதலில் சேவைக் கட்டணத்தைக் கட்டினால் கோப்பை மூடிவிடுகிறோம் என்றார்கள். கட்டமாட்டேன் என்றதும் வக்கீல் என்று சொல்லிக்கொண்ட ஒருவர் பேசினார். வாட்ஸப்பில் நீதிமன்றச் சின்னம் போட்ட ஒரு தாள் வந்தது. அன்று மாலைக்குள் பணம் வராவிட்டால் போலீஸ் வீட்டுக்கு வரும், அக்கம்பக்கத்துக்குத் தெரியும் என்றார். ஆசிரியர்களிடம் இது எடுபடும் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். நான் சொன்ன அந்த டீச்சர் அழுதுகொண்டே பேசினார். "சார், இத்தனை வருஷம் ஒரு பேச்சு வாங்காம இருந்துட்டேன், கட்டித் தொலைச்சிடலாம்னு இருக்கு." ஒரு பகுதியை ஏற்கெனவே கட்டியும் இருந்தார். கட்டிய மறுநாள், "வழக்கைத் திரும்பப் பெறும் கட்டணம்" என்று இன்னொரு தொகை கேட்டார்கள். கட்டுகிறவர்களை விடமாட்டார்கள், கட்டாதவர்களைச் சில வாரத்தில் விட்டுவிடுவார்கள். எனக்கு அழைப்புகள் அப்படித்தான் நின்றன.

மிரட்டலில் இருக்கும் சட்டத்தைப் பாருங்கள். ஒரு வேலை ஒப்பந்தத்தின்படி செய்யவில்லை என்பது பொதுவாக உரிமையியல் தகராறு. பணம் கேட்பவர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு, தனக்கு நஷ்டம் ஏற்பட்டது என்று நிரூபிக்க வேண்டும். அதற்காக அன்று மாலையே போலீஸ் வந்து கைது செய்யாது. வக்கீல் நோட்டீஸ் என்பது ஒரு தரப்பின் கடிதம். அதில் நீதிமன்றச் சின்னத்துக்கு வேலையே இல்லை. அந்தத் தாளில் இருக்கும் வக்கீல் பெயரையும் பதிவு எண்ணையும் மாநில பார் கவுன்சிலில் விசாரிக்கலாம். வழக்கு எண் என்று ஏதாவது போட்டிருந்தால் அந்த நீதிமன்ற அலுவலகத்திலேயே கேட்டுப் பார்க்கலாம். ஒருவேளை உண்மையான சம்மன் முறைப்படி வந்தால் அதை ஒதுக்காமல் ஒரு வக்கீலிடம் காட்ட வேண்டும்.

அழைப்பு வந்துகொண்டிருக்கும்போது வாதாட வேண்டாம். ஒப்பந்தம், அறிக்கை, குரல் செய்தி, எண்கள் எதையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுங்கள். பணம் கட்டியிருந்தால் அந்த மணி நேரமே வங்கியிடம் சொல்லுங்கள். நேரம் போகப் போகப் பணம் வேறு கணக்குக்கு மாறிவிடும். அந்த மென்பொருளையும் கணினியிலிருந்து நீக்கிவிட்டு, வங்கிக் கடவுச்சொல்லை வேறு கருவியில் மாற்றுங்கள். டீச்சர் கட்டிய தொகை இன்னும் திரும்பவில்லை. புகார் பதிவாகியிருக்கிறது.

எழுத்து வேலை செய்து சம்பாதிப்பதே கூடாது என்று நான் சொல்லவில்லை. மெய்ப்புத் திருத்தும் வேலைக்கு அனுபவமுள்ள ஆசிரியரைவிடப் பொருத்தமானவர் கிடைப்பது அரிது. உண்மையான வேலை என்றால் முதலில் ஓரிரு பக்கம் மாதிரிக்குத் தருவார்கள். நீங்களும் கேளுங்கள்: "பத்துப் பக்கம் செய்து தருகிறேன், அதற்குரிய பணத்தைத் தாருங்கள், பிறகு மீதி." மோசடிக்காரர் இதற்கு ஒப்புக்கொள்ளவே மாட்டார், மொத்தமும் முடிந்தால்தான் பணம் என்பார். பாடம் சொல்லிக்கொடுப்பதில் இந்தச் சிக்கல் இன்னும் குறைவு. பெற்றோர் நேரில் தெரிந்தவர், மாதக் கட்டணம் சின்னது, ஒரு மாதம் வராவிட்டால் அந்த ஒரு மாதத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். நான் இப்போது அதைத்தான் செய்கிறேன். வருமானம் அந்த ஒப்பந்தம் காட்டிய தொகையில் பாதிகூட இல்லை, ஆனால் மாதா மாதம் கைக்கு வருகிறது.

கடைசியாக அடையாள அட்டை நகல். ஒப்பந்தத்துக்காகக் கொடுத்த நகலை வைத்து உங்கள் பெயரில் கடனோ சிம் கார்டோ வாங்க முயலலாம். அதனால் கொடுத்துவிட்டவர்கள் தங்கள் கடன் அறிக்கையை அவ்வப்போது எடுத்துப் பாருங்கள், புகாரிலும் நகல் கொடுத்ததைக் குறிப்பிடுங்கள். இனி எங்கே நகல் கொடுத்தாலும், எதற்காக, யாருக்கு, எந்தத் தேதி என்று அதன்மேலேயே குறுக்காக எழுதிக் கொடுங்கள்.