அண்ணியின் கேக் ஆர்டர்களை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்த ஒன்றரை வருட அனுபவம்

எங்கள் அண்ணி சேலம் அஸ்தம்பட்டியில் வீட்டிலேயே கேக் செய்து விற்கிறார். ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப்பில், தமிழில் வரும். ஏற்காட்டில் பள்ளி வேலைக்கு வந்தவர்கள், எஸ்டேட் பக்கம் குடிவந்தவர்கள் என்று தமிழ் தெரியாதவர்களும் கேட்க ஆரம்பித்தபோது, ஆங்கிலத்தில் எழுதும் வேலை என்னிடம் வந்தது. பெரும்பாலும் அவர்கள் நேரடியாக வருவதில்லை. பக்கத்து வீட்டில் இருக்கும் நம் பழைய வாடிக்கையாளர் ஒருவர் அண்ணியிடம் தமிழில் பேசி முடித்துவிட்டு, “அவங்களுக்கு இங்கிலீஷ்ல ஒரு தடவை அனுப்பிடுங்கக்கா” என்பார். அந்தப் பேச்சை எடுத்து, முகம் தெரியாத ஒருவருக்குப் புரியும்படி எழுத வேண்டும்.

முதல் சில மாதங்கள் வரிக்கு வரி மொழிபெயர்த்தேன். அதுதான் நேர்மையான முறை என்று நினைத்திருந்தேன். ஆனால் ஆர்டர் பேச்சு நேராகப் போகாது. முதலில் இரண்டு கிலோ என்பார்கள், பத்து நிமிடம் கழித்து ஒன்றரை போதும் என்பார்கள், நடுவில் கப் கேக் வரும், மறுபடி கிலோவுக்குப் போவார்கள். எல்லாவற்றையும் அப்படியே எழுதி அனுப்பினால் புது வாடிக்கையாளருக்கு இரண்டு எடை தெரியும், எது முடிவு என்று தெரியாது. அதனால் இப்போது பேச்சை மொழிபெயர்ப்பதில்லை. பேச்சு முடிந்த இடத்தில் நிற்கும் ஆர்டரை மட்டும் எழுதுகிறேன்.

2025 ஜூனில் வந்த ஒரு ஆர்டரைச் சொல்கிறேன். நான் இன்று செய்யும் பல விஷயங்கள் அதிலிருந்து வந்தவை. ஏற்காட்டுக்குப் புதிதாகக் குடிவந்த ஒரு அம்மா, அவர் பையனின் பிறந்தநாள். பக்கத்து வீட்டுப் பெண் அண்ணியிடம் பேசியது ஏறக்குறைய இப்படி:

“அக்கா, ஒண்ணரை கிலோ சாக்லேட் கேக் வேணும், எக்லெஸ்.”
“பண்ணிடலாங்க. மேல பருப்பு போடட்டுமா?”
“பருப்பு வேண்டாங்க்கா, பையனுக்கு ஒத்துக்காது. கப் கேக் ஆறு பாக்ஸ் ரெண்டு. ஒண்ணு வெனிலா, ஒண்ணு ரசமலாய்.”
“சரிங்க. எப்ப வேணும்?”
“15-ஆம் தேதி ராத்திரி பன்னெண்டு மணிக்கு கட் பண்றாங்க. அன்னிக்கு சாயங்காலம் ஆறு ஆறரைக்கு வந்து வாங்கிக்குவாங்க.”

நாம் படித்தால் இதில் ஒரு சந்தேகமும் வராது. ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால் ஒவ்வொரு வரியிலும் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது.

ஒன்றரை கிலோ என்றால் 1.5 என்று இலக்கத்தில் எழுதிவிடுவேன். எழுத்தில் வந்தால் பிரச்சினை இல்லை, குரல் பதிவில் வந்தால்தான் கவனம் வேண்டும். “கேக் ஒண்ணு, அரை கிலோ” என்பதை வேகமாகச் சொன்னால் “ஒண்ணரை கிலோ” மாதிரியே காதில் விழும். ஒன்று ஒரு சிறிய கேக், மற்றது அதைப் போல் மூன்று மடங்கு. அதனால் எத்தனை கேக், ஒவ்வொன்றும் எவ்வளவு எடை என்று எப்போதும் பிரித்தே எழுதுகிறேன். எடை என்பது க்ரீமும் சேர்த்து முடிந்த கேக்கின் எடை என்பதையும் புதியவர்களுக்குச் சொல்லிவிடுவது நல்லது.

“ஆறு பாக்ஸ் ரெண்டு” என்றால் ஆறு கப் கேக் பிடிக்கும் பெட்டி இரண்டு, மொத்தம் பன்னிரண்டு. அவசரத்தில் ஆறு பெட்டி என்று எழுதிவிட்டால் முப்பத்தாறு ஆகிவிடும். பெட்டிக் கணக்கு எங்கே வந்தாலும் பக்கத்தில் மொத்த எண்ணிக்கையை எழுதிவிடுகிறேன். பெட்டியைத் தவறாகப் புரிந்துகொண்டவர்கூட மொத்தத்தைப் பார்த்துக் கேள்வி கேட்பார்.

இந்த ஆர்டரில் நான் அதிக நேரம் செலவழித்தது பருப்பில்தான். சமையலறையில் முந்திரி, பாதாம், பிஸ்தா எல்லாமே நமக்குப் பருப்பு. அகராதியைப் பார்த்து எழுதுபவர் அதைச் சாம்பார்ப் பருப்பாக்கிவிடுவார். நான் ‘நட்ஸ்’ என்று சரியாகத்தான் எழுதினேன். ஆனால் கூடவே ‘நட் ஃப்ரீ’ என்று போட்டுவிட்டேன். அனுப்புவதற்கு முன் அண்ணிக்கு வாசித்துக் காட்டியபோது அவர் நிறுத்தினார். “அப்படி எழுதாத. இதே மிக்ஸியிலதான் முந்திரி அரைக்கிறேன், இதே கத்தியிலதான் வெட்டுறேன். நான் போட மாட்டேன்னு சொல்லலாம், இல்லவே இல்லைன்னு சொல்ல முடியாது.” அவர் சொன்னது மிகவும் சரி. ‘நட் ஃப்ரீ’ என்பது ஒவ்வாமை உள்ள பிள்ளையின் அம்மா நம்பியிருக்கும் உத்தரவாதம். வீட்டுச் சமையலறை அந்த உத்தரவாதத்தைத் தர முடியாது. அதனால் நட்ஸ் சேர்க்கவில்லை, ஆனால் இதே சமையலறையில் நட்ஸ் பயன்படுத்துகிறோம் என்று இரண்டையும் எழுதினேன். “ஒத்துக்காது” என்று பக்கத்து வீட்டுப் பெண் சொன்னது பிடிக்காது என்பதா, ஒவ்வாமையா என்றும் அந்த அம்மாவிடமே கேட்டேன். முந்திரி தின்றால் உதட்டில் லேசாக அரிப்பு வரும், மருத்துவர் தவிர்க்கச் சொல்லியிருக்கிறார் என்றார். எங்கள் சமையலறை விவரத்தைப் படித்துவிட்டு, யோசித்து, கேக் வேண்டும் என்று அவரேதான் முடிவு செய்தார்.

அப்புறம் ரசமலாய். அண்ணியின் ரசமலாய் கப் கேக்கில் மேலே பிஸ்தா தூவல் உண்டு, க்ரீமில் பாதாமும் சேரும். தமிழில் பேசிய இருவருக்கும் அது தெரியும், ஆனால் பேச்சில் பருப்பு வந்தது கேக்கைப் பற்றி, கப் கேக்கைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. சுவையின் பெயரை மட்டும் எழுதியிருந்தால் அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை. ரசமலாயில் பிஸ்தாவும் பாதாமும் இருக்கும் என்று ஒரு வரி சேர்த்தேன். உடனே இரண்டு பெட்டியும் வெனிலாவாக மாறியது. அன்றிலிருந்து சுவையின் பெயரோடு உள்ளே என்ன இருக்கிறது என்பதையும் எழுதுகிறேன். பிளம் கேக்கில் ‘முந்திரி திராட்சை’ என்று அண்ணி சொன்னால் அந்தத் திராட்சை உலர்ந்த திராட்சை, ‘ரெய்சின்ஸ்’. ‘கிரேப்ஸ்’ என்று எழுதினால் பச்சைப் பழம் என்றுதான் படிப்பவர் நினைப்பார். கோதுமை கேக் என்பதை ‘வீட் கேக்’ என்று எழுதுவதிலும் பயனில்லை, மைதாவும் கோதுமைதான். ஆட்டா மாவில் செய்தது, மைதா இல்லை என்று விரித்து எழுத வேண்டும்.

இவ்வளவு பார்த்தும் தேதியில் தவறினேன். 15-ஆம் தேதி ராத்திரி பன்னிரண்டு மணி என்று அப்படியே ஆங்கிலத்தில் எழுதி, அன்று மாலை வந்து வாங்கிக்கொள்வது என்றும் எழுதினேன். அண்ணியும் நோட்டில் 15 என்றே குறித்துக்கொண்டார். அந்த அம்மாவும் சரி என்று பதில் போட்டார். 13-ஆம் தேதி வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணிக்கு அவரிடமிருந்து ஒரு செய்தி: நாளைக்கு எங்கே வந்து கூப்பிட வேண்டும்?

பிறந்தநாள் 15. கேக் வெட்டுவது பிறந்தநாள் பிறக்கும் நேரத்தில், அதாவது 14-ஆம் தேதி இரவு முடியும்போது. பேச்சுவழக்கில் எல்லோரும் அதை 15-ஆம் தேதி ராத்திரி பன்னெண்டு என்றுதான் சொல்கிறோம். “அன்னிக்கு சாயங்காலம்” என்பது அந்த ராத்திரிக்கு முந்தின சாயங்காலம். அண்ணி படித்தது ஒரு நாள், அந்த அம்மா படித்தது இன்னொரு நாள், என் ஆங்கிலம் இரண்டுக்கும் இடம் கொடுத்தது.

அன்று இரவு ஒன்பது மணிக்கு ஸ்பாஞ்ச் அடுப்புக்குள் போனது. சூடு முழுதாக ஆறாமல் க்ரீம் தடவினால் உருகி வழியும். ஜூன் மாதம் சேலத்தில் அது ஆற நேரம் எடுக்கும். கூடத்தில் ஃபேனைப் போட்டு, மெல்லிய துணி மூடி, பதினொன்றரை வரை அண்ணி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். கேக் நேரத்துக்குக் கிடைத்தது. ஆனால் அந்த இரவை நான் மறக்கவில்லை.

அதன் பிறகு தேதியோடு கிழமையும் கட்டாயம். வெட்டும் நேரமும் வாங்கும் நேரமும் தனித்தனி வரிகள். நள்ளிரவு என்று வந்தால் எந்த நாள் முடிந்து எந்த நாள் பிறக்கிறது என்று கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். அதே ஆர்டரை இன்று எழுதினால் இப்படி இருக்கும்:

```
Cake: 1 cake, 1.5 kg, chocolate, eggless
Cupcakes: 2 boxes of 6 = 12 (all vanilla)
Nuts: none added, but we use nuts in this kitchen
Cutting: midnight, Sat 14 June into Sun 15 June
Pickup: Sat 14 June, 6 to 6:30 pm
Please reply with the pickup day and time
```

கடைசி வரி முக்கியம். முன்பெல்லாம் சரியா என்று கேட்பேன், சரி என்று பதில் வரும். படிக்காமலும் சரி என்று போடலாம். நாளையும் நேரத்தையும் அவர்களே எழுதச் சொன்னால் புரிந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். “ஆறு ஆறரைக்கு” என்பதை இடைவெளியாக எழுதுவதும் அதற்குத்தான். 6:30 என்று மட்டும் எழுதினால், ஆறு மணிக்கே தயாராக வைத்துவிட்டு அண்ணி காத்துக்கொண்டிருப்பார்.

ஆரம்பத்தில் பழைய வாடிக்கையாளருக்கு அனுப்பியதை நகலெடுத்து மாற்றி அனுப்பினேன். ஒருமுறை முந்தைய ஆர்டரின் எக்லெஸ் அப்படியே தங்கிவிட்டது. இப்போது வாட்ஸ்அப் பிசினஸில் இந்த வடிவத்தை வெற்று இடங்களோடு குயிக் ரிப்ளையாகச் சேமித்திருக்கிறேன். `/order` என்று தட்டினால் வந்துவிடும், இடங்களை நான் நிரப்ப வேண்டும். வெறுமையாக விட்ட இடம் கண்ணில் படும், பழைய சொல் படாது.

இன்னும் எனக்குச் சரியாக வராதது அண்ணியின் பதில்கள்தான். “பண்ணிடலாங்க” என்றால் உறுதி. “பாக்கலாங்க” என்றால் பெரும்பாலும் முடியாது. அதை ஆங்கிலத்தில் பார்க்கலாம் என்று எழுதினால் வாடிக்கையாளர் நம்பிக்கொண்டு இருப்பார். “சரிங்க” என்பது சில நேரம் ஒப்புதல், சில நேரம் காதில் விழுந்தது என்பது மட்டும். இந்த மூன்றில் பின்னால் உள்ள இரண்டு வந்தால் நான் மொழிபெயர்ப்பதில்லை. அண்ணியைக் கூப்பிட்டு, ஆமாவா இல்லையா என்று கேட்டு, அதை எழுதுகிறேன்.

வாங்கிக்கொண்டு போகும்போது சொல்வதையும் இப்போது எழுதியே அனுப்புகிறேன். “மடியில வைக்காதீங்க, கீழ வைங்க” என்பார் அண்ணி. கீழே என்பதை அப்படியே எழுதினால் எங்கே என்று புரியாது. காரின் தரையில், முன் சீட்டுக்கு முன்னால் கால் வைக்கும் சமதளத்தில், ஏ.சி. போட்டு. சீட் பின்பக்கம் சாய்ந்திருக்கும், ஏற்காடு ஏற 20 கொண்டை ஊசி வளைவு, பெட்டி ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு பக்கமாக நகரும். அந்த ஜூன் கேக் அப்படித்தான் மலை ஏறியது. அன்று நள்ளிரவு கடந்து பன்னிரண்டு இருபதுக்கு அந்த அம்மா ஒரு படம் அனுப்பினார், க்ரீமின் விளிம்பு கலையாமல் இருந்தது.