ஓ.டி.யா, ஜாப் ஒர்க்கா, ஏர்ல அனுப்புறதா? அப்ரூவல் கேக்குறதுக்கு முன்னாடி போட்ட கணக்கு

திருப்பூர்ல டி-ஷர்ட் ஏத்துமதி பண்ற யூனிட்ல புரொடக்ஷன் பாக்குறேன். போன மாசம் டையிங்ல இருந்து துணி லேட்டா வந்துச்சு, சனிக்கிழமைக்குள்ள பேக்கிங் முடிஞ்சாத்தான் தூத்துக்குடில கப்பலுக்குப் போகும், லைன் எப்பவும் போல ஓடுனா 1,000 பீஸ் குறையும். ஓனர்கிட்ட சும்மா "ஓ.டி. வேணும் சார்"னு போய் நின்னா "வேற வழியே இல்லையா"ன்னுதான் கேப்பாரு, அதனால மூணு வழியையும் ஒரே பேப்பர்ல எழுதிட்டுப் போனேன்.

முதல்ல ஓ.டி. எங்க லைன் மணிக்கு 100 பீஸ் எடுக்கும், அப்போ 10 மணி நேரம் போதும்னு தோணும். அங்கதான் எல்லாரும் தப்பு பண்றாங்க. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல டெய்லர் கை தளர்ந்துரும், ஆல்ட்டர் ஜாஸ்தியாகும், 85தான் வரும். நான் 12 மணி நேரம்னு போட்டேன், தினம் ரெண்டு மணி வீதம் ஆறு நாள், 1,020 பீஸ். 48 மணியோட சேர்த்தா வாரத்துக்கு 60, பையரோட ஆடிட்ல அதுக்கு மேல ஒத்துக்க மாட்டாங்க, அதனால ஒரு சாயங்காலம் கரண்ட் போனாக்கூட ஈடுகட்ட நேரம் கிடையாது.

செலவு: 40 பேர், 12 மணி, மொத்தம் 480 மணி நேரம். சராசரி மணிக்கூலி 70, ஓ.டி.க்கு சட்டப்படி ரெட்டை, அதாவது 140, ஆக 67,200 ரூபா. டீ, பலகாரம் ஆளுக்கு 30 வீதம் 7,200, கரண்டுக்கு 3,600. மொத்தம் 78,000.

ஜாப் ஒர்க்குக்கு வெளிய குடுத்தா வண்டி வாடகையோட 39,000தான், பாதி செலவு. ஆனா பையர் அப்ரூவ் பண்ணாத யூனிட்ல தைச்சது தெரிஞ்சா ஆர்டரே போயிரும், அளவும் பீஸுக்குப் பீஸ் மாறும், இதை நான் மனசார வேண்டாம்னு சொல்லிட்டேன்.

ஏர் பார்சல் பாத்தீங்கன்னா 1,000 பீஸ் கார்ட்டனோட 200 கிலோ, கிலோவுக்கு 350, பேப்பர் வேலைக்கு 15,000, மொத்தம் 85,000. ஓ.டி.யை விட 7,000தான் கூடன்னு தெரியும், ஆனா அந்த பீஸை அடுத்த வாரம் தைக்கவும் கூலி 28,000 வேணும்ல, ஓ.டி. கணக்குல அது ஏற்கனவே உள்ள இருக்கு. அப்போ உண்மையில 1,13,000, அடுத்த ஆர்டரோட பத்து மணி நேரமும் போயிரும்.

கடைசி வரியா இதை எழுதுனேன்: "சார், திங்கள்ல இருந்து ஓ.டி., விருப்பப்பட்டவங்க பேர் லிஸ்ட் கூட வெச்சிருக்கேன். புதன் ராத்திரிக்குள்ள ஓ.டி.ல மட்டும் 510 பீஸ் வரணும். வரலைன்னா வியாழன் காலைல சொல்றேன், குறையுற பீஸை மட்டும் ஏர்ல அனுப்பலாம்." அதைப் படிச்சிட்டு உடனே கையெழுத்துப் போட்டுட்டாரு.