ஊரில் செய்து வாங்கிய ஸ்பா அறைப் படம்: மெழுகுவர்த்தி வெளிச்சம் எங்கே இடறுகிறது

ஊருக்குப் போயிருந்த நேரத்தில் அக்காவின் வெல்னஸ் சென்டருக்கான இணையதளம் பாதியில் நின்றிருந்தது. கட்டடத்தில் பூச்சு வேலையே முடியவில்லை, ஆனால் தளத்தை முன்கூட்டியே திறந்துவிட வேண்டும், முகப்பில் சிகிச்சை அறையின் படம் கட்டாயம் வேண்டும் என்றாள். இன்னும் இல்லாத அறையைப் போட்டோ எடுக்க முடியாதே, அதனால் அறையைக் கணினியில் முப்பரிமாணத்தில் உருவாக்கி, வெளிச்சத்தைக் கணக்கிட்டுப் படமாக்கி, அதாவது ரெண்டர் செய்து தரும் ஒரு சின்ன ஸ்டுடியோவிடம் வேலையைக் கொடுத்தோம். நான் வெளிநாட்டில் இதே துறையில்தான் இருக்கிறேன், உள்ளரங்கக் காட்சிகளுக்கு லைட்டிங் செய்கிறவன். விடுமுறையில் கையில் மெஷின் இல்லாததால் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிற வேலை எனக்கு. இதே மாதிரி ஊரில் செய்து வாங்க நினைக்கிறவர்களுக்குப் பயன்படும் என்றுதான் எழுதுகிறேன்.

சொன்ன நாளில் முதல் படம் வந்துவிட்டது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மசாஜ் மேசை, சுருட்டி வைத்த துண்டுகள், எண்ணெய்ப் புட்டிகள், ஒரு டஜன் மெழுகுவர்த்திகள், பெரிய ஜன்னல் எல்லாம் இருந்தன. போனில் பார்த்தால் அழகாகத்தான் இருந்தது. பெரிய திரையில் பார்த்தபோது கண் எங்கேயும் நிற்காமல் அலைந்தது. ஜன்னல் பக்கம் நீலம், மெழுகுவர்த்தி பக்கம் ஆரஞ்சு, நடுவில் துண்டுகள் இரண்டு நிறத்தையும் வாங்கிக்கொண்டு ஊதாவாகத் தெரிந்தன. அக்கா பார்த்துவிட்டு, “எல்லாம் இருக்கு, ஆனா அமைதி இல்லையே” என்றாள். அது ரசனையைப் பொறுத்த விஷயம் மாதிரித் தோன்றும், ஆனால் அதற்குத் தெளிவான காரணம் இருக்கிறது.

ஒரு மெழுகுவர்த்தியிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி ஒரு பொருளை வைத்தால் அதன்மேல் விழும் வெளிச்சம் சுமார் 1 லக்ஸ்தான். பகலில் ஜன்னலோரத்தில் ஆயிரம் லக்ஸ்கூட இருக்கும். அதாவது பகல் வெளிச்சம் உள்ளே வருகிற அறையில் மெழுகுவர்த்தி எரிகிறது என்பது மட்டும்தான் தெரியும், அது எதையும் ஒளியூட்டாது. ஸ்டுடியோவில் என்ன செய்திருந்தார்கள் என்றால், ஜன்னலை அப்படியே பகலாக விட்டுவிட்டு, சுடரின் வெளிச்சம் சுவரில் தெரிய வேண்டும் என்பதற்காக அதன் சக்தியை மட்டும் பல மடங்கு ஏற்றியிருந்தார்கள். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் சொல்வோம், எண் குறைந்தால் ஆரஞ்சு, கூடினால் நீலம். சுடர் ஏறக்குறைய 1,900 கெல்வின், மேகமூட்டப் பகல் 6,500 கெல்வின் பக்கம். இரண்டும் ஒரே பலத்தில் மோதினால் எந்த வெளிச்சத்தை வெள்ளையாக எடுத்துக்கொள்வது என்கிற வெள்ளைச் சமநிலையை எப்படி வைத்தாலும் ஒன்று தப்பாகத்தான் தெரியும். அமைதியான வெளிச்சம் வேண்டுமென்றால் ஒரு விளக்கு ஆள வேண்டும், மற்றவை அதற்கு அடங்கியிருக்க வேண்டும். மெழுகுவர்த்தியின் எண்ணிக்கையைக் கூட்டுவதால் அது வராது.

அந்த வேலையைச் செய்த தம்பியிடம் இதைச் சொன்னேன். “அப்போ ஜன்னலை எடுத்துரலாமாண்ணா?” என்று கேட்டான். எடுக்க வேண்டாம், நேரத்தை மாற்று என்றேன். வெளியே அந்தி முடிகிற நேரமாக்கி, ஜன்னலுக்கு மெல்லிய திரை போட்டு, அந்த நீலத்தை மங்கலாக ஒரு ஓரத்தில் மட்டும் விட்டோம். மேசைக்குப் பின்னால் சுவர் விளிம்பில் மறைவாக ஓடும் எல்.இ.டி. பட்டையை 2,700 கெல்வினில் வைத்து அதையே அறையின் முக்கிய வெளிச்சமாக்கினோம். அதன்பின் எக்ஸ்போஷரை ஏற்றினால் சுடர்கள் தானாகவே இருக்க வேண்டிய அளவுக்கு வந்து நின்றன. மெழுகுவர்த்திகளை மூன்றாகக் குறைத்தோம். அக்கா கட்டப்போகிற அறையிலும் இதே பட்டை விளக்குதான் வரப்போகிறது என்பதால் படத்தில் பொய்யும் இல்லை.

மெழுகுவர்த்தியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் ரெண்டர் என்று காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் அதுதான். எரிகிற மெழுகுவர்த்தியை உற்றுப் பாருங்கள். சுடருக்குக் கீழே மேல் பகுதி ஒன்றிரண்டு செ.மீ. வரைக்கும் உள்ளிருந்து ஒளிர்கிற மாதிரி இருக்கும், கீழே போகப் போக மங்கும். மெழுகுக்குள் வெளிச்சம் புகுந்து சிதறுவதால் அப்படி. முதல் படத்தில் மெழுகுக்கு இந்த சப்சர்ஃபேஸ் தன்மையே கொடுக்கவில்லை, சுண்ணாம்புக்கட்டியின்மேல் தீ வைத்தது மாதிரி இருந்தது. கொடுத்த பிறகும் மெழுகு ஒளிரவில்லை. என்னவென்று பார்த்தால், சுடர் வடிவத்துக்கு உள்ளே ஒரு பாயின்ட் லைட் வைத்திருந்தான், சுடரின் மேற்பரப்பே அந்த விளக்குக்கு நிழல் போட்டுத் தடுத்துக்கொண்டிருந்தது. பிளெண்டர் என்கிற முப்பரிமாண மென்பொருளில் அந்த வடிவத்துக்கு மட்டும் Ray Visibility பகுதியில் Shadow என்பதை எடுத்துவிட்டால் போதும். எடுத்தவுடன் மெழுகின் விளிம்பு தேன் நிறத்தில் ஒளிர்ந்தது, தம்பியின் முகத்திலும் ஒரு சிரிப்பு வந்தது.

எண்ணெய்ப் புட்டியில் வேறு சிக்கல். கண்ணாடிக்கும் எண்ணெய்க்கும் நடுவே ஒரு வெள்ளிப் படலம் மின்னியது, பாதரசம் ஊற்றியது போல. எண்ணெயின் வடிவத்தைக் கண்ணாடியின் உட்சுவரிலிருந்து ஒரு மயிரிழை உள்ளே தள்ளி வைத்திருந்தார்கள், அந்த இடைவெளியைக் கணினி காற்று என்றே கணக்குப் போடும், அதில் சாய்வாக விழுகிற வெளிச்சம் முழுவதுமாகத் திரும்பிவிடும். உட்சுவரோடு சரியாகப் பொருத்தினால் கறுப்புப் புள்ளிகள் வரும். எண்ணெயைக் கண்ணாடிக்குள் லேசாக ஏறும்படி வைப்பதுதான் வழி. கண்ணாடியின் ஒளிவிலகல் எண் சுமார் 1.5, தாவர எண்ணெய்களுக்கு 1.47 பக்கம், இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று என்பதால் நிஜப் புட்டியில் எண்ணெய் வெளிச்சுவர் வரைக்கும் நிறைந்திருப்பது போலவே தெரியும். எண்ணெயின் ஒளிவிலகல் எண்ணைத் தண்ணீருக்கான 1.33-ல் விட்டிருந்தார்கள், அதையும் மாற்றினோம். மாற்றியபின் புட்டிக்குப் பின்னால் இருக்கும் சுடர் எண்ணெய் வழியே நீண்டு வளைந்து தெரிந்தது. எனக்கு அந்தப் படத்திலேயே ரொம்பப் பிடித்த இடம் அதுதான்.

துண்டுகள் விஷயத்தில்தான் அவர்களோடு கொஞ்சம் வாக்குவாதம் ஆனது. சீக்கிரம் முடிப்பதற்காகக் ஒவ்வொரு புள்ளிக்கும் வெளிச்சத்தைக் கணக்கிடும் தடவையான சாம்பிளைக் குறைத்து ரெண்டர் செய்து, அதனால் வரும் புள்ளிப் புள்ளியான இரைச்சலைத் துடைக்கும் டீனாய்சரை ஓட்டிவிட்டிருந்தார்கள், அது இரைச்சலோடு சேர்த்து டர்க்கித் துண்டின் சின்னச் சின்ன நூல் வளையங்களையும் துடைத்துவிட்டது. சுருக்கிப் பார்த்தால் தெரியாது, நூறு சதவீத அளவில் பார்த்தால் துண்டு வழவழவென்று இருக்கும். படத்தை வாங்கும்போது எல்லோரும் இதை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. சாம்பிளைக் கூட்டினால் இரவு முழுக்க ஓடுமே என்று ஸ்டுடியோவை நடத்துகிறவர் தயங்கினார். படம் முழுக்கக் கூட்ட வேண்டாம், துண்டுகள் இருக்கும் பகுதியை மட்டும் தனியாக ரெண்டர் செய்து சேர்த்துக்கொள்ளலாம் என்றதும் ஒப்புக்கொண்டார். அதோடு துண்டின் வெள்ளையை முழு வெள்ளையாக வைத்திருந்தார்கள். விழுகிற வெளிச்சத்தில் எவ்வளவு பங்கு திரும்பும் என்கிற எண் சாதாரண வெள்ளைத் துணிக்கு 0.8 போதும், 1 என்று வைத்தால் விழுகிற வெளிச்சம் முழுவதும் திரும்பித் திரும்பித் தெறித்து மடிப்புகளின் நிழலே காணாமல் போய்விடும்.

சரி, தொழில்நுட்பம் ஒரு பக்கம். அக்காவிடம் சேரப்போகிற தெரபிஸ்ட் அம்மா படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னது எங்கள் யாருக்கும் தோன்றாத ஒன்று. “துண்டு அடுக்குக்குப் பக்கத்துல யாரு தம்பி தீ வைப்பாங்க? கை வீசி வேலை செய்யுற இடம் இது” என்றார். எண்ணெய் எப்போதும் அவர் கைக்கு எட்டும் தள்ளுவண்டியில் இருக்கும், மெழுகுவர்த்தி வைத்தால் திரைக்கும் துணிக்கும் எட்டாத சுவர் மாடத்தில்தான். எண்ணெய் ஊறிய துண்டை ஒழுங்காகத் துவைக்காமல் டிரையரில் காயவைத்து, சூடு ஆறாமல் குவித்து வைத்தால் அது தானாகவே பற்றிக்கொள்ளும், அந்த ஆபத்தைத் தெரிந்தவர் அவர். மேசையில் முகம் வைக்கும் வளையமும் இல்லை, அதையும் அவர்தான் கவனித்தார். மூன்று சுடரும் மாடத்துக்குப் போயின, படத்துக்கும் அது நல்லதாகவே முடிந்தது, வெளிச்சம் மேலிருந்து சரிந்து வந்தது.

கேமராவையும் மாற்றச் சொன்னேன். 18 மி.மீ. லென்ஸில் வைத்து, சுவருக்கு வெளியே நின்று எடுத்த மாதிரிச் செய்திருந்தார்கள், அதில் அந்தச் சின்ன அறை மண்டபம் போலத் தெரிந்தது. வருகிறவர்கள் படத்தை நம்பித்தான் வருவார்கள். கதவருகே நிற்கும் ஆள் பார்க்கிற இடத்திலிருந்து 28 மி.மீ.-ல் எடுத்தபோது மேசையின் கால் பக்கம் வெட்டுப்பட்டது, பரவாயில்லை என்று விட்டோம்.

கடைசியில் தளத்தில் ஏற்றியபோது இன்னொரு தொல்லை. சுவரில் மெதுவாகத் தேய்ந்து போகிற வெளிச்சம் கோப்பைச் சுருக்கியதும் பட்டை பட்டையாக உடைந்தது. இருட்டும் மென்மையுமான படங்களுக்கு எப்போதும் இது வரும், ஏனென்றால் அங்கே நிறத்தின் படிகள் குறைவு. மூலப் படத்தை நிறப் படிகள் அதிகமுள்ள 16 பிட்டில் வாங்கி, சுருக்குவதற்கு முன் கண்ணுக்குத் தெரியாத அளவு மணல் போன்ற தூவலைச் சேர்த்தபின் பட்டை மறைந்தது, கோப்பு கொஞ்சம் பெரிதானது. போனுக்கு அதே படத்தை வெட்டிப் போடாமல் நெடுக்குவாக்கில் தனிக் கேமரா வைத்துத் தரச் சொன்னோம், வெட்டினால் மெழுகுவர்த்தியும் புட்டியும் போய் மேசை மட்டும்தான் மிஞ்சும்.

சேவையைப் பற்றிக் கேட்டால், கைத்திறமைக்குக் குறைவில்லை, சொன்னதைச் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள். எத்தனை திருத்தம், எந்த அளவில் கோப்பு, மூலக் காட்சிக் கோப்பு யாருக்குச் சொந்தம் என்பதை மட்டும் முதலில் எழுதி வாங்கிவிடுங்கள். அந்தக் கடைசி விஷயத்தை நாங்கள் வேலை முடிகிற நேரத்தில் பேசியதால் இழுபறியாகிவிட்டது, நான் கிளம்பும் வரைக்கும் முடியவில்லை. படத்துக்குக் கீழே “கணினியில் உருவாக்கிய மாதிரிப் படம்” என்று அக்கா போட்டிருக்கிறாள், பூச்சு முடிந்து விளக்குகள் பொருத்தியதும் அதே கோணத்தில் போட்டோ எடுத்து மாற்றப்போகிறாள்.