தங்கியிருக்கும்போது கேட்பதா, போனபின் கேட்பதா?

மொரிஷியஸின் கிழக்குக் கரையில் உள்ள 90 அறைகள் கொண்ட ஒரு ஓட்டலில் விருந்தினர் நலப் பிரிவைச் சில ஆண்டுகள் கவனித்துவந்தேன். விருந்தினரின் மனநிறைவை அறிய அங்கே மூன்று வழிகளை அடுத்தடுத்துக் கையாண்டோம்: அறையில் வைக்கும் அட்டை, செக்-அவுட் முடிந்தபின் அனுப்பும் மின்னஞ்சல், தங்கியிருக்கும்போதே வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஒற்றைக் கேள்வி. மனக்குறையோடு இருக்கும் விருந்தினருக்கு இவற்றுள் எது பயன்படுகிறது என்பதை மட்டுமே இங்கே ஒப்பிடுகிறேன்.

அட்டையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விருந்தினர் எழுதி மேசைமேல் விட்டுச் செல்லும் அட்டையை முதலில் பார்ப்பவர் அந்த அறையைச் சுத்தம் செய்தவராகவே இருப்பார். குளியலறையில் முடி கிடந்தது என்று எழுதிய அட்டை மேலாளரிடம் வந்து சேரும் என்று எதிர்பார்ப்பது அந்தப் பணியாளருக்கு நாமே வைக்கும் சோதனை. அட்டைகளுக்கு வரிசை எண் இட்டு, அறையில் வைத்தவை எத்தனை, எழுதாமல் கிடந்தவை எத்தனை, அலுவலகத்துக்கு வந்தவை எத்தனை என்று ஒரு மாதம் கணக்குப் பார்த்தோம். கணக்கு உதைத்தது, அட்டையைக் கைவிட்டோம்.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும் இடையில்தான். செக்-அவுட்டுக்குப் பின் போகும் மின்னஞ்சலின் பலம், விருந்தினர் கூச்சமின்றி எழுதுவார் என்பதே. பணியாளர் யாரும் எதிரில் நிற்பதில்லை. ஊர் போய்ச் சேர்ந்து, கட்டணத்தையும் கிடைத்ததையும் எடைபோட்டுவிட்டு எழுதுவதால், தங்கல் முழுவதையும் பற்றிய தீர்ப்பு கிடைக்கிறது. ஆனால் மிகவும் மகிழ்ந்தவரும் மிகவும் நொந்தவருமே பெரும்பாலும் பதில் எழுதுகிறார்கள். நடுவில் உள்ளவர் பேசாமல் போய்விடுகிறார். குறையை நாம் படிக்கும்போது அவர் விமானமேறிப் போயிருப்பார். அப்போது நம்மால் தரக்கூடியது மன்னிப்பும் அடுத்த முறைக்கான தள்ளுபடியும்தான்.

அந்த மின்னஞ்சலோடு ஒட்டிக்கொண்டு வரும் ‘என்பிஎஸ்’ மதிப்பெண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2003-இல் ஃபிரெட் ரைக்ஹெல்ட் அறிமுகப்படுத்திய அளவுகோல் இது: பிறருக்குப் பரிந்துரைப்பீர்களா என்று 0 முதல் 10 வரை கேட்டு, 9, 10 கொடுத்தவர்களின் விழுக்காட்டிலிருந்து 0 முதல் 6 வரை கொடுத்தவர்களின் விழுக்காட்டைக் கழிக்க வேண்டும். ஒரு மாதம் 30 பேர் பதில் எழுதி, 18 பேர் உயர்வாகவும் 8 பேர் நடுவிலும் 4 பேர் தாழ்வாகவும் கொடுத்தால் மதிப்பெண் ஏறத்தாழ 47. அந்த 18 பேரில் ஒரே ஒருவர் மட்டும் மனம் மாறி 5 கொடுத்திருந்தால் அது 40 ஆகிவிடும். ஒருவரால் ஏழு புள்ளி சரியும் ஓர் எண்ணை வைத்துக்கொண்டு சமையல்காரரைக் கூப்பிட்டு விசாரிப்பது நியாயமில்லை. எங்கள் அளவுள்ள ஓட்டல் எண்ணை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். எழுதிய வாக்கியங்களை அன்றாடம் படிக்க வேண்டும்.

இனி, தங்கியிருக்கும்போது கேட்பது. ஐரோப்பாவிலிருந்து வருபவர்கள் எங்களிடம் ஏழு, எட்டு இரவுகள் தங்குவார்கள். இரண்டாம் நாள் காலை பத்து மணிக்கு, அதாவது முதல் இரவு உறங்கி எழுந்து காலையுணவும் முடித்தபின், பிரெஞ்சிலோ ஆங்கிலத்திலோ ஒரே கேள்வி போகும்: ‘இன்று நாங்கள் சரிசெய்ய வேண்டியது ஏதேனும் உண்டா?’ திருப்தியா என்று கேட்டால் ஆம் என்பார்கள். சரிசெய்ய என்ன உண்டு என்று கேட்டால்தான் யோசிக்கிறார்கள். அவர்களின் வாட்ஸ்அப் எண்ணைப் பயன்படுத்த முன்பதிவின்போதே ஒப்புதல் பெறுவோம். மொரிஷியஸில் 2017-இன் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது.

இதே கேள்வியைப் பணியாளர் நேரில் கேட்டால் பயனில்லை. எல்லாம் சரிதானே என்ற பொருளில், ஊர் கிரியோல் மொழியில் ‘தூ கொரெக்?’ என்று புன்னகையோடு கேட்கும் பெண்ணிடம் யாருக்கும் குறை சொல்ல வாய் வராது. பிரெஞ்சுக்காரர் ‘சா வா’ என்பார், அது நம் ‘பரவாயில்லை’ போன்றதுதான். நம் வீட்டில் விருந்தாளி சாப்பாட்டைப் பரவாயில்லை என்றால் உப்புக் கூடிவிட்டதோ என்று பதறுகிறோம். ஓட்டலில் மட்டும் அதைப் பாராட்டாக எழுதி வைத்துக்கொள்கிறோம்.

ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். லியோன் நகரிலிருந்து வந்த தம்பதியர் இரண்டாம் நாள் காலை, ‘அறை அழகு, ஆனால் தூக்கம் சரியில்லை’ என்று மட்டும் பதில் அனுப்பினார்கள். அதில் புகார் என்ற சொல்லே இல்லை. அரை மணி நேரத்துக்குள் தொலைபேசியில் அழைத்து, எது தூங்கவிடவில்லை, எந்த நேரத்தில் என்று கேட்டேன். நள்ளிரவுக்குப் பின் சுவருக்குள் ஒரு முனகல் வந்து வந்து போகிறது என்றார்கள். பராமரிப்புப் பிரிவினர் பார்த்தபோது, ஏசியின் வெளிப்பெட்டியைத் தாங்கும் இரும்புச் சட்டம் கடலுப்பில் அரித்து, அதிர்வைத் தாங்கும் ரப்பர் தேய்ந்துபோயிருந்தது. பகலில் அலைச் சத்தத்தில் அது கேட்பதில்லை. உதிரிப்பாகம் அன்று கிடைக்காது என்பதால் நாலு மணிக்குள் வேறு அறைக்கு மாற்றினோம். மறுநாள் காலை மீண்டும் கேட்டோம். இந்த மறுகேள்வியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அறையை மாற்றியதும் வேலை முடிந்தது என்று நாம் நினைக்கிறோம். புது அறையிலும் அவர் தூங்கினாரா என்பதே அவருக்கு முக்கியம்.

அன்று மாலை பழைய மின்னஞ்சல் பதில்களைத் தேடிப் பார்த்தபோதுதான் வெட்கமாக இருந்தது. அதே வரிசை அறைகளில் தங்கிய மூன்று பேர் முந்தைய மாதங்களில் இரைச்சலைப் பற்றி எழுதியிருந்தார்கள். மூவருக்கும் வருத்தம் தெரிவித்துப் பதில் போயிருந்தது. எந்தப் பதிலிலும் அறை எண்ணைக் குறித்துவைக்கவில்லை. குறித்திருந்தால் இரண்டாவது கடிதத்திலேயே அந்த இரும்புச் சட்டத்தைப் பார்த்திருப்போம். அதன்பின் ஒவ்வொரு குறையையும் அறை எண், நேரம், காரணம், மறுகேள்விக்கு வந்த பதில் என்ற நான்கு பத்திகளில் எழுதத் தொடங்கினோம்.

எனவே எனக்கு ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால், தங்கியிருக்கும்போது கேட்பதையே வைத்துக்கொள்வேன். அதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. வரவேற்பு மேசையில் இருப்பவர் மேலாளரைக் கேட்காமலே அறையை மாற்றவும், ஒரு வரம்புக்குள் செலவு செய்யவும் உரிமை வேண்டும். இரவு மேலாளர் வரட்டும் என்று காத்திருந்தால், கேட்டதே குற்றமாகிவிடும். குறை சொன்ன எல்லோருக்கும் இலவச இரவுணவு என்றும் ஆகிவிடக் கூடாது; தூக்கம் கெட்டவருக்கு வேண்டியது இரால் அல்ல.

இந்த வழி தோற்கும் இடமும் உண்டு. பக்கத்துத் தீவான ரீயூனியனிலிருந்து வார இறுதிக்கு வந்து இரண்டே இரவு தங்குபவருக்கு இரண்டாம் நாள் கேள்வி ஏறக்குறைய விடைபெறும் கேள்விதான். அவர்களுக்கு முதல் நாள் இரவுணவுக்கு முன்பே கேட்டோம், பதில்கள் மெலிந்திருந்தன. அவர்கள் விஷயத்தில் மின்னஞ்சலே அதிகம் சொன்னது.

மின்னஞ்சல் இன்னொன்றையும் காட்டிக்கொடுத்தது. அங்கே குளிர்காலமான ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்கிழக்குக் காற்று எங்கள் கரையில் ஓங்கி வீசும். கடற்கரையில் உட்கார முடியவில்லை என்ற குறை ஆண்டுதோறும் அந்த மாதங்களில் வரும். தங்கியிருப்பவரிடம் கேட்டு அறிந்தாலும் காற்றை நிறுத்த முடியாது. ஆகவே அந்த மாதங்களுக்கான முன்பதிவு உறுதிக் கடிதத்தில், காற்று மிகுதி, ஒரு மெல்லிய மேலாடை கொண்டுவாருங்கள், காற்று மறைவான நீச்சல் குளம் தோட்டத்துப் பக்கம் உள்ளது என்று மூன்று வரி சேர்த்தோம். விற்பனைப் பிரிவினர் முன்பதிவு குறையும் என்று முணுமுணுத்தார்கள். அடுத்த குளிர்காலத்தில் காற்றைப் பற்றி எழுதியவர்களில் பலர், ‘நீங்கள் சொன்னபடியே’ என்று தொடங்கியிருந்தார்கள்.