ஒரு கம்பனி, இரண்டு வாக்கியங்கள்

முதலாவது: “தலவாக்கலை டீ எஸ்டேட்ஸ், ஹேலீஸுக்குச் சொந்தமான முன்னணித் தேயிலை நிறுவனம்.”

இரண்டாவது: “தலவாக்கலை டீ எஸ்டேட்ஸ் பிஎல்சி, 1992இல் பதிவாகி, கொழும்புப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட, ஹேலீஸ் குழுமத்தின் துணை நிறுவனமான தேயிலைப் பெருந்தோட்டக் கம்பனி.”

முதலாவது வாசிக்கச் சுகம்தான். ஆனால் ‘முன்னணி’ என்பதற்கு எந்தப் பதிவேட்டிலும் ஆதாரம் கிடைக்காது, அதை வெட்டிவிடலாம். ‘சொந்தமான’ என்பதுதான் பெரிய சிக்கல். பெயருக்குப் பின்னால் பிஎல்சி இருந்தால் பங்குகள் சந்தையில் இருக்கின்றன, பொதுமக்களிடமும் இருக்கின்றன என்று பொருள். ஆண்டறிக்கையின் பங்குதாரர் பட்டியலைப் பாருங்கள்: பெரும்பான்மைப் பங்கு ஹேலீஸ் பிளான்டேஷன் சர்விசஸிடம் இருக்கும், அதற்கு மேலேதான் ஹேலீஸ் பிஎல்சி. அரசுக்குச் சிறப்பு உரிமைகள் தரும் ‘தங்கப் பங்கு’ ஒன்றும் திறைசேரிச் செயலாளரிடம் உண்டு. ‘துணை நிறுவனம்’ என்றால் இத்தனைக்கும் இடமிருக்கிறது.

நிலத்தை இரண்டுமே சொல்லவில்லை. கம்பனிக்குத் தோட்டக் காணி குத்தகைதான், உரிமை அரசுடையது. லயன் வீட்டுக் காணி உறுதிக்காகப் போராடும் நம் மக்களுக்கு எழுதும்போது, இரண்டாவது வாக்கியத்தில் ‘அரச காணியைக் குத்தகைக்கு எடுத்து நடத்தும்’ என்பதையும் சேர்ப்பேன், வாக்கியம் நீண்டாலும் பரவாயில்லை.